திருப்பி அனுப்பிய வவுச்சர் வீட்டுக்கும் வருகிறதா?

கேள்வி: நானும் கணவரும் திருகோணமலை நகரில் ஒரே அரச அலுவலகத்தில் வேலை. அவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். நான் கணக்குக் கிளையில். அவர் பிரிவின் வவுச்சர்கள் என் மேசைக்குத்தான் வரும். போன டிசம்பர் கடைசிக் கிழமை, மூதூரில் நடந்த பயிற்சியின் சாப்பாட்டு வவுச்சரைப் பிழை என்று திருப்பினேன். அன்றிலிருந்து நிலாவெளி வீடு வரைக்கும் மோட்டார் சைக்கிளில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டிலும் பிள்ளைகளில்தான் எரிச்சல். கேட்டால் “நீர் என்னைக் கள்ளன் எண்டுதானே நினைக்கிறீர்” என்கிறார். நான் என் வேலையைச் செய்தது பிழையா அக்கா?
— ஒரு வாசகி, நிலாவெளி

பதில்:

தங்கைக்கு,

வவுச்சரைத் திருப்பியது பிழையில்லை. உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த விபரத்தைப் பார்த்தேன். 42 பேருக்குச் சாப்பாட்டு பில், வரவுத்தாளில் 38 கையெழுத்து. அதை யார் கொண்டுவந்தாலும் திருப்பத்தான் வேண்டும். ஆனால் திருப்பும்போது, பக்கத்து மேசைக்காரர் கேட்க, “இப்பிடியே பில் போடுறது?” என்று கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேறு ஓர் உத்தியோகத்தரிடம் அப்படிக் கேட்டிருப்பீர்களா? மாட்டீர்கள். வீட்டு உரிமையை நீங்கள் கந்தோருக்குக் கொண்டுபோனீர்கள், அவர் கந்தோர் அவமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே வழியால்தான் போய் வருகின்றன.

அதனால் இந்தச் சண்டையை வீட்டுக்குள் வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். அது தொடங்குகிற இடம் உங்கள் மேசை. கணவரின் தாளை மனைவி சரிபார்க்கிற ஒழுங்கு இருக்கும்வரை நீங்கள் இருவரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தும் பயனில்லை. விட்டுவிட்டால் நாளைக்குக் கணக்காய்வு வினவல் உங்கள் பெயரில் வரும். பிடித்தால் அன்றைய இரவுச் சாப்பாடு கெடும்.

கணக்காளரிடம் போய் உங்களுக்கு ஒதுக்கிய வேலையை மாற்றித் தரக் கேளுங்கள். கணவருடைய பிரிவின் வவுச்சர்களை இன்னொருவர் பார்க்கட்டும், அந்த இன்னொருவர் பார்க்கிற ஒரு பிரிவை நீங்கள் எடுங்கள். வீட்டுச் சண்டையைச் சொல்லி அழத் தேவையில்லை. “கணவரின் கொடுப்பனவுகளை நான் சரிபார்ப்பது கணக்காய்வில் கேள்வியாகலாம், மாற்றித் தந்தால் நல்லது” என்று நாலு வரியில் எழுத்தில் கொடுங்கள். எந்தக் கணக்காளருக்கும் புரிகிற காரணம் அது. அரச நிதி நடைமுறையே அங்கீகரிப்பது, சான்றுப்படுத்துவது, பணம் கொடுப்பது என்று கைகளைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. கிளையில் ஆட்கள் குறைவு, மாற்ற முடியாது என்றால், அவருடைய வவுச்சர்களை மட்டும் பிரதம எழுதுவினைஞர் முதலில் பார்த்துக் குறிப்பெழுத, நீங்கள் பதிவு மட்டும் செய்கிற ஒழுங்கைக் கேளுங்கள்.

மாறும்வரை, திருப்ப வேண்டியதை எழுத்தில் திருப்புங்கள். “38 கையெழுத்து உள்ளது. மிகுதி 4 பேரின் கையெழுத்தை அல்லது திருத்திய பில்லை இணைக்கவும்.” அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அனுப்புகிற அதே கோப்பு வழியாகவே போகட்டும். தொலைபேசியில் சொல்லாதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் கிசுகிசுக்காதீர்கள். “வீட்டுக்காரன் எண்டு பார்க்கமாட்டீரா” என்று அவர் கேட்டால் அது குடும்பப் பிரச்சினை இல்லை, பிழையான கையெழுத்துக் கேட்பது. அதில் இளகவே வேண்டாம்.

இனி அந்த மௌனம். 1989இல் ரெனா ரெப்பெட்டி என்ற உளவியலாளர், அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களையும் அவர்களின் மனைவியரையும் வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். வேலை கடுமையான நாள்களில் அந்த ஆண்கள் மாலையில் ஒதுங்கி இருந்தார்கள். மனைவியர் ஆதரவாக நடந்துகொண்ட இடங்களில் ஒதுக்கம் கூடுதலாகவும் கோபம் குறைவாகவும் இருந்தது. மௌனம் எல்லாமே வெறுப்பில்லை, சில மௌனம் களைப்பு. ஆனால் அந்த மனைவியர் அதே கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யவில்லை. காலையில் அவர் வவுச்சரைத் திருப்பியவர் நீங்கள், ஆகவே அவர் வாய் மூடினால் “எனக்குத்தான் இது” என்று உங்களுக்குத் தோன்றும். பாதி நாள் அப்படி இருக்காது. அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லப் பழக வேண்டும்: “இண்டைக்குக் களைச்சுப் போனன், உம்மோட கோவமில்லை.” அல்லது “ஓம், அந்த வவுச்சர்தான்.” எதுவானாலும் தெரிந்துவிட்டால் நீங்கள் பதினைந்து கிலோமீற்றர் ஊகித்துக்கொண்டு வரத் தேவையில்லை.

மோட்டார் சைக்கிளில் பேசச் சொல்லமாட்டேன். ஹெல்மெட்டும் காற்றும் இருக்கையில் கத்தித்தான் பேச வேண்டும், கத்தினால் சாதாரணப் பேச்சும் சண்டை போலக் கேட்கும். உப்புவெளியில் ஒரு தேநீர்க் கடையில் கால்மணி நேரம் நில்லுங்கள். கந்தோர்க் கதை எல்லாம் அங்கே. சாம்பல்தீவுப் பாலம் தாண்டினால் கதை முடிந்தது என்று இருவரும் பேசி வையுங்கள். பிறகு ஏதும் நினைவு வந்தால் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்து, நாளைக்குக் கந்தோரில் கந்தோர் மொழியிலேயே கேளுங்கள். நானும் கணவரும் பல வருடம் ஒரே கட்டடத்தில் வேலை செய்தோம். எங்கள் கொப்பியில் எழுதியதில் பாதிக்கு மேல் விடியும்போது கேட்கவே தேவைப்படவில்லை. எழுதும்போது மட்டும் உலகம் இடிந்தது போல இருக்கும்.

இந்த ஒழுங்கு கெட்டுப்போகிற இடமும் ஒன்று உண்டு. “பாலம் தாண்டியாச்சு, கதைக்காதேயும்” என்று உங்கள் வாயை அடைக்கிற கருவியாக அது மாறலாம். இரண்டு பேச்சையும் பிரித்துப் பாருங்கள். “மேலதிகாரி இண்டைக்கு என்னைப் பேசிப்போட்டார்” என்பது மனம் இறக்குகிற பேச்சு, அது வீட்டில் எப்போதும் நடக்கலாம். கேட்பவர் தீர்ப்புச் சொல்லாமல், “நீரும் பாத்துக் கதைச்சிருக்கலாம்” என்று மேலதிகாரியின் பக்கம் சாயாமல் கேட்டால் போதும். உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள கோப்பைப் பற்றிய பேச்சுக்குத்தான் பாலம்.

அப்படியும் ஒரு நாள் மூண்டுவிடும். குரல் ஏறி, நெஞ்சு படபடத்தபிறகு நியாயம் சொல்லிப் பயனில்லை, காது கேட்காது. தம்பதியரின் சண்டைகளை ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்த ஜோன் கொட்மன், உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். “அரை மணித்தியாலத்தில வாறன்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போங்கள். சொல்லாமல் போனால் அது இன்னொரு சண்டை. அந்த அரை மணியில் அடுத்த குற்றச்சாட்டைத் தீட்டிக்கொண்டிருந்தால் உடம்பு அடங்காது. கிணற்றடியில் உடுப்புத் தோயுங்கள், அல்லது பிள்ளையின் கொப்பிக்கு உறை போடுங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள்.

கந்தோரில் சிலர் “உங்கட அவர் இண்டைக்கு ஒரு மாதிரி” என்று வந்து நிற்பார்கள். “அவரிட்டையே கேளுங்கோ” என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். சிரித்தாலும் முகம் சுளித்தாலும் அது அவருடைய மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கணக்காளருக்கான கடிதத்தை இந்தக் கிழமையே எழுதிவிடுங்கள். டிசம்பர் வரை பொறுத்தால், ஆண்டுக் கணக்கு மூடுகிற அவசரத்தில் எதைக் கேட்டாலும் “ஜனவரியில பாப்பம்” என்றுதான் பதில் வரும். அதற்குள் அவருடைய பிரிவின் வவுச்சர்கள் மறுபடியும் உங்கள் மேசையில் வந்து குவிந்துவிடும்.