சாணம் பட்ட காயம், பாதியில் நின்ற தடுப்பூசி: டெட்டனஸ் கேள்வி பதில்

குலசேகரத்திலிருந்து ஓர் அம்மா: டாக்டர், மகனுக்கு மூணு வயசு, 14 கிலோ. நேற்று சாயங்காலம் மாட்டுத் தொழுவத்தில் துருப்பிடிச்ச தகரம் உள்ளங்காலைக் கிழிச்சிட்டு. டெட்டனஸும் சேர்ந்த பென்டா தடுப்பூசி ரெண்டு தவணைதான் போட்டிருக்கோம். இம்யூனோகுளோபுலின் எவ்வளவு போடணும்?

250 யூனிட். தசையில், ஒரே தடவை, இன்றைக்கே. அட்டையில் மூன்று தவணை முடிந்திருந்தால் இம்யூனோகுளோபுலினே தேவைப்பட்டிருக்காது, உங்கள் பையனுக்கு இரண்டுதான் ஆகியிருக்கிறது, காயமோ சாணம் பட்டது. தடுப்பூசி போட்டு உடம்பு எதிர்ப்பு சக்தியை உண்டாக்குவதற்கு நாளாகும். அதுவரை காவலுக்குத்தான் இம்யூனோகுளோபுலின், தயாராக இருக்கிற எதிர்ப்பு சக்தி, சில வாரம் நிற்கும். அதனால் இரண்டும் வேண்டும்: ஒரு தொடையில் இம்யூனோகுளோபுலின், மற்றத் தொடையில் விட்டுப்போன மூன்றாவது தவணை, தனித்தனி சிரிஞ்சில். தொடையின் வெளிப்பக்கம் போடச் சொல்லுங்கள். பிட்டத்தில் வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே நரம்பு பட்டுவிடும். பூஸ்டரை ஆறு மாதம் கழித்துப் போடலாம்.

ஊசிக்கு முன்னால் காயத்தைத் திறந்து கழுவச் சொல்லுங்கள். வெளியே சுத்தமாகத் தெரிந்த ஓர் உள்ளங்கால் காயத்தில் கிழிந்த தோலைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் வைக்கோல் துணுக்கு பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்ததை நானே எடுத்திருக்கிறேன். காற்று புகாத அந்த இடத்தில்தான் கிருமி வளரும். செத்த சதையையும் அழுக்கையும் எடுக்காமல் தையல் போட்டு மூடினால் எந்த ஊசியும் ஈடாகாது. காபிப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மார்த்தாண்டம், மருந்துக்கடை வைத்திருப்பவர்: கிலோவுக்கு 4 யூனிட் என்று மருந்துத் தாளிலேயே பார்த்திருக்கிறேன். 14 கிலோவுக்கு 56 தானே வரும்? 250 அதிகமில்லையா?

நீங்கள் படித்தது சரி அண்ணாச்சி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அடுத்த வரியிலேயே, பிள்ளை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முழு 250-ஐயும் போடுவது நல்லது என்று இருக்கும். காரணம் எளிது. நஞ்சை உண்டாக்குவது காயத்தில் இருக்கிற கிருமி, அது பிள்ளையின் எடையைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. 56 போட்டுவிட்டு மீதியைக் கொட்டுவதில் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை.

அவரே மறுபடியும்: அப்படியென்றால் நாய்க்கடிக்கு மட்டும் ஏன் எடைக் கணக்கு?

அது வேறு நோய், வேறு மருந்து. மனித ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 20 யூனிட், இதே பையனுக்கு 280 வரும். அதைக் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் இறக்குகிறோம். கூடிப்போனால் கூடவே போடுகிற தடுப்பூசியின் வேலையை அமுக்கிவிடும் என்பதால் அங்கே ஒரு வரம்பு. டெட்டனஸில் 250-ஐ வேறு தொடையில் போட்டால் அந்தத் தொல்லை பெரிதாக வராது. இந்த இரண்டு கணக்கையும் கலந்ததால்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

தக்கலை, ஒரு சிஸ்டர்: சார், எங்கள் வார்டில் ஒரு பிள்ளைக்கு 500 போட்டார்கள். காயம்பட்டு 30 மணி நேரம் ஆகியிருந்தது. தப்பா?

தப்பில்லை சிஸ்டர். 24 மணி நேரம் தாண்டினால், அல்லது அழுக்கு மிகுந்த காயம், தீக்காயம் என்றால் 500 போடச் சொல்கிற வழிகாட்டிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் அப்போதும் 250 தான். இதில் ஒருமித்த முடிவு இல்லை. நாள் கடந்து, சாணம் அப்பிய ஆழமான காயமாக வந்தால் நான் 500 பக்கம்தான் சாய்வேன். குலசேகரத்துப் பையனுக்கு இன்னும் 24 மணி நேரம் ஆகவில்லை, காயத்தைத் திறந்து பார்க்கிற டாக்டர் உள்ளே நிறைய அழுக்கு இருக்கிறது என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

குளச்சல், வலைத்தொழில்: எனக்கு வயசு 45. மீன் முள் குத்திட்டு. ஆறு மாசம் முன்னாடி டிடி போட்டேன்.

அதற்கு முன் இரண்டு தவணையாவது போட்டிருந்தால் இப்போது ஊசி வேண்டாம். நினைவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். முள் நுனி உள்ளே ஒடிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

தோவாளை: காயம் பட்டதும் டிடி போட்டாச்சே, இம்யூனோகுளோபுலின் எதுக்கு?

முதல் பதிலைப் படியுங்கள்.

இரணியல்: பிள்ளைக்கு டிடி போட்டாச்சு, அது போதாதா?

அட்டையை எடுத்துத் தவணையை எண்ணுங்கள். மூன்றுக்குக் குறைவு, காயம் அழுக்கு என்றால் போதாது. இதே கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

குலசேகரம் அம்மா மறுபடியும்: தட்டம்மைக்குப் போடுற எம்ஆர் ரெண்டாவது தவணையும் போடல்ல. அதையும் சேர்த்துப் போடலாமா?

கேட்டது நல்லது. வேண்டாம், இம்யூனோகுளோபுலின் போட்டபின் மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் எம்ஆர் சரியாகப் பிடிக்காமல் போகலாம். இன்றைய தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: தங்கச்சி மகளுக்கு ஆணி குத்தி எட்டு நாள். நேற்றிலிருந்து வாயைத் திறக்க முடியல்லன்னு அழுவா. 250 போட்டா போதுமா?

இதை வாசித்ததும் கிளம்புங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, 108-ஐக் கூப்பிட்டு. இது தடுக்கிற கட்டம் தாண்டியதாக இருக்கலாம், அளவும் சிகிச்சையும் வேறு, மூச்சுக்குத் துணை வைக்கிற இடம் வேண்டும். வாய்க்குள் தண்ணீரோ கஞ்சியோ ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஆணி குத்திய நாளையும் எத்தனை தவணை ஆனது என்பதையும் போனவுடன் சொல்லுங்கள்.