அறைக்கு மூவாயிரம் கூடுதல், பில்லில் முக்கால் இலட்சம் குறைவு

கேள்வி: நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கி வேலை செய்கிறேன். திருச்சியில் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிவு அறுவைசிகிச்சை நடந்தது. 5 இலட்ச ரூபாய் பாலிசி இருந்தும், 3 இலட்ச ரூபாய் பில்லுக்கு 2.25 இலட்சம்தான் கிடைத்தது. நாள் வாடகை 8,000 ரூபாய் அறையைச் சித்தப்பா எடுத்தார். வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்றார். ஏஜெண்டோ 50 இலட்சத்துக்கு சூப்பர் டாப்-அப் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பில் 5 இலட்சத்தைத் தாண்டவே இல்லை. தாண்டிய பிறகு கைகொடுக்கும் டாப்-அப் இந்த ஓட்டையை அடைக்காது.

நீங்கள் அனுப்பிய பாலிசித் தாளில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். 8,000 ரூபாய் அறைக்கு மாறியதும், நிறுவனம் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 62.5 சதவீதம் என்ற கணக்கைக் கையில் எடுக்கிறது. ஐந்து நாள் வாடகையான 40,000-இல் 25,000 கிடைத்தது. மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு ஆகியவற்றுக்கான 1,60,000 ரூபாய்க்கும் அதே விகிதம் பாய்ந்து 1,00,000 ஆனது. சித்தப்பா சொன்ன வித்தியாசம் 15,000. அவர் சொல்லாதது 60,000. இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் அறையின் தரம் ஏற ஏற மருத்துவர் கட்டணமும் ஏறுவதே இதற்குக் காரணம்.

மருந்து, எலும்பில் பொருத்திய உலோகத் தகடு, பரிசோதனைகள் ஆகியவற்றுக்கான 1,00,000 முழுதாகக் கிடைத்துள்ளது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் வகுத்த விதிப்படி இவற்றிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்திலும் இந்த விகிதக் கழிப்பு கூடாது. அறைக்கேற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் கூடாது. ஆகவே அந்த 60,000-ஐ விடுவதற்கு முன், மருத்துவர், அரங்குக் கட்டணங்கள் எல்லா அறைக்கும் ஒன்றுதானா என்று மருத்துவமனையிடம் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றென்றால் அந்தப் பட்டியலுடன் நிறுவனத்துக்கு எழுதுங்கள். மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

"பிள்ளை ரிங்கிட்டில் சம்பாதிக்கிறான்" என்று உறவினர் அறையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைத்தான் நீங்கள் நிறுத்த வேண்டும். (இங்கே சில மருத்துவ அட்டைகளில் வாடகை வித்தியாசத்தோடு விட்டுவிடுவார்கள் என்பதால், கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இது உறைப்பதில்லை.) அடுத்த முறை அனுமதிக்கும் மேசையிலிருந்தே சித்தப்பா உங்களை அழைக்கட்டும். நர்சிங் கட்டணமும் சேர்த்து 5,000-க்குள் அடங்கும் அறை எது என்று கேட்கச் சொல்லுங்கள், ஏனெனில் சில பாலிசிகளில் நர்சிங்கும் அதே வரம்புக்குள் வரும். அந்தத் தர அறை காலியில்லை என்றால் அதை எழுத்தில் வாங்கட்டும். அது உத்தரவாதமில்லை, ஆனால் பிறகு வாதாட உதவும்.

புதுப்பிக்கும்போது அறை வரம்பை நீக்கும் கூடுதல் பிரிவு கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடிப்படைத் தொகையை 10 இலட்சமாக்கக் கேளுங்கள். உங்கள் பாலிசியின் 1 சதவீதக் கணக்கில் நாள் வரம்பு 10,000 ஆகும். அப்பாவின் வயதுக்கு நிறுவனம் தயங்கலாம் என்பதால், பதில் வரும்வரை பழைய பாலிசியை விட்டுவிடாதீர்கள்.