கேட்டது 50 லட்சம், கடிதத்தில் 51.80 லட்சம்

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்க வங்கியில் 50 லட்சம் கடன் கேட்டேன். அனுமதிக் கடிதத்தில் 51.80 லட்சம் என்று இருக்கிறது. கூடுதல் 1.80 லட்சம் ஆயுள் காப்பீட்டு பிரீமியமாம். அது இல்லாமல் லோன் இல்லை என்கிறார்கள். தவணை தவறினால் மொத்த பாக்கிக்கும் 2% அபராத வட்டி என்றும் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
- வாசகர், பெங்களூரு

பதில்: இந்த வடிவத்தில் வேண்டாம்.

முதலில் காப்பீடு. வீட்டுக்கு தீ விபத்துக் காப்பீடு எடுக்கச் சொல்வது நியாயமான நிபந்தனைதான். அதையும் எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். அந்த 1.80 லட்சம் வேறு சங்கதி. பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டால் அதற்கும் வட்டி ஓடும். 8.5% வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 43,391 ரூபாயிலிருந்து 44,953 ஆகிறது. மாதம் 1,562 ரூபாய்தானே என்று தோன்றும். 240 தவணையில் அது சுமார் 3.75 லட்சம். பாலிசி எத்தனை ஆண்டுக்கு என்றும் பாருங்கள். கடன் 20 ஆண்டு, பாதுகாப்பு 5 அல்லது 10 ஆண்டு என்று இருப்பது சகஜம். அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

கிளை மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இந்தக் காப்பீட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை. 50 லட்சத்துக்குத் திருத்திய கடிதமும், முக்கிய விவர அறிக்கையும் தரவும். காப்பீடு கட்டாயம் என்றால் அதை எழுத்தில் தரவும்." பெரும்பாலும் அந்தக் கடைசி வரியிலேயே 'கட்டாயம்' காணாமல் போகும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் புகார் செய்யலாம்.

முக்கிய விவர அறிக்கையைக் கேட்கக் காரணம் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் வீட்டுக் கடன் உட்பட தனிநபர்கள் வாங்கும் கடன்களுக்கு அது கட்டாயம். காப்பீடு உட்பட எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி பிறகு வசூலிக்க முடியாது. படித்து முடிவெடுக்க உங்களுக்குக் குறைந்தது 3 வேலை நாள் உண்டு. 'இன்றே கையெழுத்து' என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

அபராத வட்டி என்ற வரியே புதிய கடன் கடிதத்தில் இருக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டு சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி வட்டி விகிதத்தைக் கூட்டி அபராதம் போட முடியாது. தனியாக அபராதக் கட்டணம் வைக்கலாம், அதை அசலில் சேர்த்து வட்டி போடக் கூடாது. எதன் மீது கணக்கு என்பதுதான் உயிர்நாடி. 51.80 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2% என்றால் ஒரு மாதத்துக்கு 8,633 ரூபாய். தவறிய ஒரு தவணை மீது மட்டும் மாதம் 2% என்றால் 899தான். 'தவறிய தொகைக்கு மட்டும்' என்று திருத்தித் தரச் சொல்லுங்கள்.

செயலாக்கக் கட்டணம் 0.5% என்றால் 50 லட்சத்துக்கு 25,000, அதோடு 18% ஜிஎஸ்டி 4,500. சட்டப் பரிசோதனையில் சொத்து தேறாவிட்டால் இது திரும்புமா என்ற வரியைத் தேடுங்கள். பல கடிதங்களில் திரும்பாது. பெங்களூரில் கத்தா, அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவில் உள்ள சிக்கலால் கடன் நிற்பது உண்டு. அதனால் விற்பவரிடம் அதன் மின்வடிவமான ஈ-கத்தாவை வாங்கிப் பார்த்த பிறகே கட்டணத்தைக் கட்டுங்கள்.