விமான வெப் செக்-இன்னில் எல்லா சீட்டுக்கும் காசு

"எந்த சீட்டைத் தொட்டாலும் 250, 400 என்று கேட்கிறது. கவுன்டரில் செக்-இன் செய்தால் அதற்கும் 200 ரூபாயாமே? 6 வயது மகள் வேறு கூட வருகிறாள்."

காசு கட்ட வேண்டாம். உள்நாட்டுப் பயணத்தில் சீட் தேர்வு கட்டாயமில்லை. எடுக்காதவர்களுக்கு விமானம் கிளம்புமுன் விமான நிறுவனமே ஒதுக்கித்தர வேண்டும். கவுன்டரில் போர்டிங் பாஸ் தரக் கூடுதல் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2022 ஜூலையிலேயே விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லிவிட்டது.

இலவச சீட்டுகள் பெரும்பாலும் பின்வரிசை நடு சீட்டுகள்தான். அவை முதலில் போய்விடுவதால் மீதி எல்லாம் காசாகத் தெரியும். சீட் படத்தின் அடியில் Skip என்று மங்கலாக இருக்கிறதா பாருங்கள். கட்டணப் பக்கத்தில் சாப்பாடும் சேர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள். எனக்கு ஒருமுறை கேட்காமலே சாண்ட்விச் ஏறியிருந்தது.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் பெற்றோர் ஒருவர் அருகே இடம் தரவேண்டும் என்பது 2024 முதல் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி. இருவருக்கும் தனித்தனி பி.என்.ஆர் என்றால் இது செல்லாது.

ஒன்று மட்டும்: கைப்பையை வீட்டிலேயே எடை போடுங்கள். 7 கிலோ தாண்டினால் கவுன்டரில் கிலோ கணக்கில் காசு கேட்கக்கூடும்.