மூன்று பாக்கெட், ஒரே எண்ணெய்

கேள்வி: எங்கள் மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் மூன்று கம்பெனியில் இருக்கிறது. 132, 155, 178 ரூபாய். 178 ரூபாய் பாக்கெட்டில் இதயப் படம் போட்டு ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். சமைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எதை வாங்கட்டும்?

பதில்: உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்கிறது. ரீஃபைண்ட் ஆயில் தயாராகும்போது பிசினை நீக்கி, நிறத்தை வெளுத்து, கடைசியில் வெற்றிடத்தில் நீராவியைச் செலுத்தி வாசனையையும் எடுத்துவிடுவார்கள். சொந்த மணம், நிறம் எல்லாம் ஆலையிலேயே போய்விடுகிறது. அப்புறம் ‘எங்களுடையது வேறு’ என்று சொல்லிக்கொள்ள கம்பெனிக்கு மிஞ்சுவது பாக்கெட்டின் மேலுள்ள இடம்தான். ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்பது பொய்யில்லை. ஆனால் தாவர எண்ணெய் எதிலுமே அது சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இருக்காது. பக்கத்துப் பாக்கெட்டிலும் இல்லை, அவர்கள் பெரிதாகப் போடவில்லை, அவ்வளவுதான்.

132 ரூபாய் பாக்கெட்டைத் திருப்பி நிகர எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம். இப்போது அதே உயரத்தில், அதே அகலத்தில் 750 கிராம் பாக்கெட்டுகளும் வருகின்றன. உங்கள் கடையில் இருப்பது அப்படி 750 கிராம் என்றால், 100 கிராம் 17 ரூபாய் 60 காசு ஆகிறது. 155 ரூபாய்க்கு 910 கிராம் தருபவரிடம் அதே 100 கிராம் 17 ரூபாய் 3 காசுதான். முழு லிட்டருக்குக் கணக்குப் போட்டால் மலிவு பாக்கெட் 160 ரூபாய். நானும் இப்படி ஏமாந்து, டின்னில் ஊற்றும்போதுதான் கண்டுபிடித்தேன். கணக்குப் போடப் பொறுமை இல்லையென்றால், எம்.ஆர்.பி. பக்கத்தில் ஒரு கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ விலை அச்சடித்திருக்கும். சட்டப்படி அது இருக்க வேண்டும். கிராமைக் கிராமோடும் மில்லியை மில்லியோடும்தான் ஒப்பிட வேண்டும்.

விலை குறைவுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். முன்பக்கம் சூரியகாந்திப் பூ பெரிதாக இருக்கும், சின்ன எழுத்தில் ‘கலப்புத் தாவர எண்ணெய்’ என்று இருக்கும். எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்றும் அதில் போட்டிருப்பார்கள். அது கெடுதல் என்று சொல்லவில்லை, ஆனால் அதைச் சூரியகாந்தி எண்ணெயோடு வைத்து விலை பேசக் கூடாது.

178 ரூபாய்க்காரர் ‘வைட்டமின் ஏ, டி சேர்த்தது’ என்று சொன்னால், நீல நிற பிளஸ் எஃப் முத்திரை மற்ற இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். வெளிச்சம் பட்டால் வைட்டமின் ஏ குறையும் என்பதால், வாசலோரம் வெயிலில் வைத்த கண்ணாடி போன்ற பாட்டிலைவிட உள்ளே அடுக்கியிருக்கும் பாக்கெட்டை எடுங்கள்.

ஆக, எடையும் வகையும் சரியாக இருந்தால் 155 ரூபாய் பாக்கெட்டையே வாங்குங்கள். இரண்டு மூன்று இருந்தால், பேக்கிங் தேதி புதிதாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.