பாரிமுனை மொத்தக் கடைகளில் லாபம் நிற்கும் சரக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

"தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில் சின்னதா ஃபேன்சி கடை போடப் போறேன். பாரிமுனையில் எதை வாங்கினா லாபம் நிற்கும்?"

முதல் தடவை பணம் எடுத்துப் போகாதீங்க. அதற்கு முன்னால் உங்கள் தெருவிலும் எம்.சி. ரோட்டிலும் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சவுகார்பேட்டை பக்கம் நடந்து, ஒரே சரக்கை நாலு கடையில் "டஜன் என்ன ரேட்டு, பில் போட்டா எவ்வளவு, கலர் நாங்க பொறுக்கலாமா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம்.

உதாரணத்துக்கு, ஹேர் கிளிப் டஜன் 144 ரூபாய், உங்கள் தெருவில் ஒன்று 25 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 13 ரூபாய், டஜனுக்கு 156 நிற்கும் போலத் தெரியும். ஆனால் கட்டிய அட்டையில் யாரும் தொடாத கலரில் மூன்று கிளிப்பாவது இருக்கும். அவற்றை ஒன்று 10 ரூபாய்க்குத் தள்ளினால் மொத்த வரவு 255. அசலும், டஜனுக்கு 12 ரூபாய் ஆட்டோ செலவும் போனால் கையில் 99தான். பொறுக்க விடுகிற கடை டஜனுக்கு 20 ரூபாய் கூடக் கேட்டாலும் அதுவே மேல். கண்ணாடி வளையலுக்கு உடைசலையும் சேர்த்துக் கழியுங்கள்.

தீபாவளி நெருக்கத்தில் விசாரிக்கப் போகாதீங்க, பதில் சொல்ல ஆள் இருக்காது.