அஞ்சாவது பட்டை எங்க போச்சு?

சார் வணக்கம். பி.எஸ்சி. பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். போன வாரம் லேப்ல டபுள் ஸ்லிட் பண்ணோம். லேசர் 650 நானோமீட்டர், ஸ்லைடுல ரெண்டு ஸ்லிட்டுக்கும் நடுவுல 0.25 மி.மீ.ன்னு போட்டிருந்துச்சு, ஸ்க்ரீன் 2 மீட்டர் தள்ளி. பட்டைக்குப் பட்டை 5.2 மி.மீ. வந்துச்சு, ஃபார்முலாவோட சரியா ஒத்துப்போச்சு. ஆனா நோட்ஸ்ல எல்லா வெளிச்சப் பட்டையும் ஒரே அகலம், ஒரே பிரகாசம்னு இருக்கு. எனக்கு நடுவுலேர்ந்து தள்ளிப்போகப் போக மங்கிட்டே வந்துச்சு, அஞ்சாவது பட்டை ரெண்டு பக்கமும் ஆளையே காணோம், அப்புறம் ஆறு, ஏழுன்னு மறுபடி லேசா தெரியுது. ரெக்கார்ட்ல அப்படியே வரைஞ்சதுக்கு "ஸ்லிட்ல தூசி இருந்திருக்கும், சரியா வரை"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. தூசிதானா சார்? டிஃப்ராக்ஷன் எங்களுக்கு அடுத்த யூனிட், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

அன்புள்ள மாணவிக்கு,

தூசி இல்லம்மா. நீங்க வரைஞ்சதுதான் சரி, திருப்பி வரையாதீங்க.

தூசி ஏன் இல்லைன்னா, ஸ்க்ரீன்ல இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் ஸ்லிட்டோட எல்லா பகுதியிலேர்ந்தும் வெளிச்சம் வருது. அதனால ஸ்லிட்ல ஒரு தூசி உக்காந்தா மொத்த பேட்டர்னும் கொஞ்சம் கெடுமே தவிர, அஞ்சாவதை மட்டும் பொறுக்கி எடுத்து அழிச்சிட்டு மத்ததை விட்டுவைக்காது. சந்தேகம் இருந்தா ஸ்க்ரீனை 3 மீட்டருக்கு தள்ளி வச்சுப் பாருங்க, பட்டை இடைவெளி 7.8 மி.மீ. ஆயிடும், ஆனா அப்பவும் காணாமப் போறது அஞ்சாவதுதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நோட்ஸ்ல ரெண்டு ஸ்லிட்டையும் ரெண்டு கோடு மாதிரி வரைஞ்சு, ஸ்க்ரீன்ல ஒரு புள்ளிக்கு ரெண்டுத்துலேர்ந்தும் வர்ற தூரத்துல எவ்வளவு வித்தியாசம்னு பாப்பாங்க. வித்தியாசம் முழு அலைநீளமா இருந்தா முகடும் முகடும் சேர்ந்து வெளிச்சம், அரை அலைநீளம் வந்தா முகடும் பள்ளமும் சேர்ந்து இருட்டு. இதுலேர்ந்துதான் வெளிச்சத்துக்கு d sinθ = mλ வருது, d-ங்கிறது ஸ்லிட்டுகளுக்கு நடுவுல உள்ள தூரம். இதுல தப்பே இல்ல, உங்க 5.2 மி.மீ. இதுலேர்ந்து வந்ததுதான். ஆனா சொல்லாம விட்ட ஒரு விஷயம் இருக்கு, ஒவ்வொரு ஸ்லிட்டும் அகலமே இல்லாத வெறும் கோடுன்னு வச்சுக்கிட்டாதான் எல்லா பட்டையும் ஒரே பிரகாசமா வரும். நிஜத்துல அகலமே இல்லாத ஸ்லிட் வழியா வெளிச்சமும் வராதே, அதனால எந்த லேப்ல போய் பண்ணாலும் நோட்ஸ்ல இருக்கிற படம் அப்படியே வராது.

சரி, ஸ்லிட்டுக்கு a-ன்னு ஒரு அகலம் இருக்குன்னு வச்சுக்குவோம். ரெண்டாவது ஸ்லிட்டை மறந்துடுங்க, ஒத்தை ஸ்லிட்டை மட்டும் எடுத்துக்குங்க. அதோட மேல் விளிம்புலேர்ந்து கீழ் விளிம்பு வரைக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி மூலம் மாதிரி அலை அனுப்புது. நேரா முன்னாடி பாத்தா எல்லாம் ஒரே தூரம், எல்லாம் கூடிடும். கொஞ்சம் சாய்வா பாத்தா மேல் விளிம்புலேர்ந்து வர்றதுக்கும் கீழ் விளிம்புலேர்ந்து வர்றதுக்கும் தூரம் மாறுது. அந்த வித்தியாசம் கரெக்டா ஒரு முழு அலைநீளம் ஆகிற கோணத்துல என்ன ஆகும்? ஸ்லிட்டை மனசுக்குள்ள நடுவுல ரெண்டா வெட்டுங்க, மேல் பாதியோட முதல் புள்ளியையும் கீழ் பாதியோட முதல் புள்ளியையும் ஜோடி சேத்தா வித்தியாசம் அரை அலைநீளம், அதாவது ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிடும். அடுத்த ஜோடியும் அப்படியே, அதுக்கு அடுத்ததும் அப்படியே, கடைசி வரைக்கும். மொத்தம் பூஜ்யம். அதனால a sinθ = λ-ங்கிற இடத்துல அந்த ஸ்லிட் இருட்டு.

இங்கதான் பரீட்சைல பாதிப் பேர் வழுக்கி விழுவாங்க. d sinθ = mλ வெளிச்சம், a sinθ = mλ இருட்டு, இதுல m பூஜ்யம் மட்டும் சேராது, அது நடு வெளிச்சம். பாக்க ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும், அர்த்தம் நேர் எதிர். முதல்ல ஒப்பிடுறது ரெண்டு தனித்தனி ஸ்லிட்டை, ரெண்டாவதுல ஒரே ஸ்லிட்டோட ரெண்டு விளிம்பை, நடுவுல அடைஞ்சு கிடக்கிற அத்தனை புள்ளியும் கணக்குல இருக்கு. இதை மறந்துட்டு ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் பண்ணா மாத்தித்தான் எழுதுவோம், நானும் எழுதியிருக்கேன்.

இப்ப உங்க அஞ்சாவது பட்டைக்கு வாங்க. அது நடுவுலேர்ந்து 5 × 5.2, அதாவது 26 மி.மீ. தள்ளி இருக்கணும். 2 மீட்டருக்கு 26 மி.மீ.ன்னா கோணம் 0.013 ரேடியன், இவ்வளவு சின்ன கோணத்துக்கு sinθ-வும் அதேதான். ரெண்டு ஸ்லிட்டுக்கும் நடுவுல வர்ற வித்தியாசம் 0.25 மி.மீ. × 0.013 = 3250 நானோமீட்டர், கரெக்டா 5 அலைநீளம், அதனால ரெண்டு ஸ்லிட்டும் அந்த இடத்துல சேர்ந்து பிரகாசம் குடுக்கத் தயாரா நிக்குது. ஆனா ஒவ்வொரு ஸ்லிட்டும் 0.05 மி.மீ. அகலம்னு வைங்க, அப்ப ஒரு ஸ்லிட்டோட விளிம்புக்கு விளிம்பு வித்தியாசம் 0.05 × 0.013 = 650 நானோமீட்டர், ஒரே ஒரு முழு அலைநீளம். அதாவது அந்தத் திசையில மேல் ஸ்லிட் தர்றது பூஜ்யம், கீழ் ஸ்லிட் தர்றதும் பூஜ்யம். ரெண்டும் எவ்வளவு ஒத்துமையா சேர்ந்தாலும் சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்!

உங்க ஸ்லைடுல ஸ்லிட்டோட அகலம் போடலைன்னு நினைக்கிறேன், நீங்களும் எழுதல. ஆனா நீங்களே அதை அளந்துட்டீங்க. நடுவுலேர்ந்து எண்ணி முதல்ல காணாமப் போனது அஞ்சாவதுன்னா d-யை a-யால வகுத்தா 5, அப்ப a = 0.05 மி.மீ. மைக்ராஸ்கோப் எடுக்காமலே தெரிஞ்சுபோச்சு. எண்ணும்போது ஒண்ணு மட்டும் பாத்துக்கணும், நடுப் பட்டை பூஜ்யம், ஒண்ணு இல்ல. அதை ஒண்ணுன்னு எண்ணிட்டா காணாமப் போனது ஆறாவதுன்னு வந்து அகலம் 0.042 மி.மீ.ன்னு தப்பா கிடைக்கும். சரிபாக்க சுலபமான வழி, நடுவுல விடாம தொடர்ச்சியா தெரியற பட்டையை மட்டும் எண்ணுங்க, நடுவுல ஒண்ணு, அந்தப் பக்கம் நாலு இந்தப் பக்கம் நாலு, மொத்தம் ஒம்பது இருக்கணும்.

மங்கிட்டே போறதும் இதே கதைதான். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தை நினைச்சுக்குங்க, தூணெல்லாம் சம இடைவெளியில நிக்கும், ஆனா எந்தத் தூண் எவ்வளவு உயரம்னு கூரையோட சரிவுதான் முடிவு பண்ணும். இங்க தூண் நிக்கிற இடத்தை d முடிவு பண்ணுது, கூரையை a முடிவு பண்ணுது. கூரை தரையைத் தொடுற இடத்துல தூண் நட வேண்டியிருந்தாலும் நட முடியாது. உங்க நம்பருக்கு கணக்குப் போட்டா நடுப் பட்டையை 100-ன்னு வச்சா முதல் பட்டை 87 கிட்ட, ரெண்டாவது 57, மூணாவது 25, நாலாவது 5-க்கு சொச்சம், அஞ்சாவது பூஜ்யம். அப்புறம் கூரை மறுபடி கொஞ்சம் தூக்குது, ஆறாவது 2-க்கு மேல, ஏழாவது 5-க்கு கொஞ்சம் கம்மி, எட்டாவது 4-க்குள்ள, பத்தாவது மறுபடி காலி. ஆறாவதை விட ஏழாவது பளிச்சுன்னு இருந்துச்சா இல்லையா, உங்க குறிப்பைப் பாருங்க. தூசி கதைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது, ஏன்னா தள்ளிப்போகப் போக மங்கும்னு மட்டும் நினைக்கிறவங்களுக்கு ஏழாவது எப்படி ஆறாவதை முந்துதுன்னு சொல்லத் தெரியாது.

ஃபோன்ல படம் எடுத்துக் காட்டலாம்னு நினைச்சா ஒரு எச்சரிக்கை. நடுவுல இருக்கிற மூணு நாலு பட்டையும் கேமரால ஓவர் எக்ஸ்போஸ் ஆகி வெள்ளையா, ஒரே பிரகாசமா தெரியும், பாத்தா நோட்ஸ் படம் மாதிரியே இருக்கும்! எக்ஸ்போஷரை நல்லா குறைச்சு எடுங்க. கண்ணுக்கும் 100-க்கும் 87-க்கும் பெருசா வித்தியாசம் தெரியாது, அதனாலதான் பல பேர் எல்லாம் ஒரே பிரகாசம்னு நம்பிட்டுப் போயிடறாங்க. அதே மாதிரி சில ஸ்லைடுல அஞ்சாவது முழுசா போகாம லேசா தெரியும், அது d, a விகிதம் சரியா முழு எண்ணா இல்லாததால இருக்கலாம், இல்லைன்னா ரெண்டு ஸ்லிட்டும் ஒரே அகலம் இல்லாம இருக்கலாம். எதுன்னு கண்டுபிடிக்க பட்டைகளுக்கு நடுவுல உள்ள இருட்டைப் பாருங்க, அகலம் வேற வேறன்னா ரெண்டோட அலையும் சமமா இருக்காது, முழுசா கழிஞ்சு போகாது, இருட்டும் முழு இருட்டா இல்லாம லேசா சிவப்பாத்தான் இருக்கும்.

அடுத்த யூனிட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, நீங்க ஏற்கனவே அடுத்த யூனிட்டையும் சேர்த்துத்தான் பண்ணி முடிச்சிருக்கீங்க. தனித்தனி மூலங்கள்லேர்ந்து வர்ற அலைகளைக் கூட்டினா இன்டர்ஃபெரன்ஸ்னு பேர், ஒரே திறப்புக்குள்ள தொடர்ச்சியா இருக்கிற புள்ளிகளோட அலைகளைக் கூட்டினா டிஃப்ராக்ஷன்னு பேர். செய்யற வேலை ரெண்டுலயும் கூட்டல்தான், சிலபஸ்ல ரெண்டா பிரிச்சது நம்ம வசதிக்கு. இன்னும் சொல்லப்போனா டிஃப்ராக்ஷன் இல்லைன்னா உங்களுக்கு ஒரு பட்டையும் கிடைச்சிருக்காது, ஏன்னா ஸ்லிட் வழியா வந்த வெளிச்சம் விரியாம நேரா போயிருந்தா ரெண்டு ஸ்லிட்டோட வெளிச்சமும் ஸ்க்ரீன்ல சந்திச்சிருக்கவே சந்திக்காது. ஸ்லிட்டை அகலமாக்கினா விரிவு குறையும், கூரை குறுகும், நடுவுல ரெண்டு மூணு பட்டைதான் தேறும். குறுக்கினா கூரை விரிஞ்சு நிறைய பட்டை வரும், ஆனா எல்லாமே மங்கல், ரூமை நல்லா இருட்டாக்கினாத்தான் தெரியும்.

ரெண்டு விளைவையும் கூட்டக்கூடாது, பெருக்கணும், இதையும் குறிச்சு வச்சுக்குங்க. கூட்டினா அஞ்சாவது இடத்துல ஏதோ ஒரு வெளிச்சம் மிச்சம் இருக்கும், பெருக்கினாத்தான் ஒண்ணு பூஜ்யமானா எல்லாம் பூஜ்யம்.

ரெக்கார்டைத் திரும்ப எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் செய்ங்க. அந்த ஸ்லைடுலயே பக்கத்துல ஒத்தை ஸ்லிட்டும் இருக்கும், பெரும்பாலும் அதே அகலத்துல. லேசரை அதுக்கு மாத்துங்க. பொடிப் பட்டையெல்லாம் மறைஞ்சு நடுவுல 52 மி.மீ. அகலத்துக்கு ஒரே வெளிச்சத் திட்டு நிக்கும், நடுவுல பிரகாசம் முன்ன இருந்ததுல கால்வாசி ஆயிடும். ரெண்டு அலை கூடி உயரம் ரெண்டு மடங்கானா பிரகாசம் நாலு மடங்கு இல்லையா, அதுல இப்ப ஒண்ணுதான் மிச்சம். ஸ்க்ரீன்ல பேப்பர் ஒட்டி, டபுள் ஸ்லிட் வச்சப்ப அஞ்சாவது இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பக்கமும் பென்சில்ல ஒரு கோடு போட்டு வச்சிருங்க. திட்டு முடிஞ்சு இருட்டு தொடங்குற இடம் அந்தக் கோட்டு மேலயே வந்து உக்காரும். அந்தப் பேப்பரை ரெக்கார்ட்ல ஒட்டிக் குடுங்க.